3.25 ஏன் 3.5-ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ரூபாய், பைசாவை வைத்துத் தசமம் சொல்லிக் கொடுத்தேன். 12.75-ஐயும் 3.40-ஐயும் கூட்டச் சொன்னால் சரியாகப் போடுகிறாள். ஆனால் 3.5 பெரிதா, 3.25 பெரிதா என்று கேட்டால் 3.25 என்கிறாள். 1 மீட்டர் 5 சென்டிமீட்டரை 1.5 மீட்டர் என்று எழுதுகிறாள். பணமும் அளவு டேப்பும் வைத்து இதை முதலிலிருந்து எப்படிச் சொல்லித் தருவது? பயிற்சிக்குச் சில கணக்குகளும் வேண்டும்.

பதில்: இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். புள்ளிக்கு முன்னால் ஓர் எண், பின்னால் இன்னோர் எண் என்று அவள் படிக்கிறாள். 3.25 என்பது அவளுக்கு மூன்றும் இருபத்தைந்தும். 3.5 என்பது மூன்றும் ஐந்தும். ஐந்தைவிட இருபத்தைந்து பெரிது அல்லவா? அவள் கணக்கில் அது நியாயமான முடிவு.

பணக் கணக்கில் இந்தப் படிப்பு மாட்டிக்கொள்வதே இல்லை. பணத்தை எழுதும்போது புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம் போடுகிறோம். 12.75-ஐயும் 3.40-ஐயும் கூட்டும்போது 75-ம் 40-ம் சேர்ந்து 115, அதில் நூறு பைசா ஒரு ரூபாயாகப் போய்விடும், மீதி 15 என்று போட்டால் 16.15 வந்துவிடும். விடை சரி. ஆனால் இதற்குத் தசமம் தெரிந்திருக்கத் தேவையில்லை, முழு எண் கூட்டல் தெரிந்தால் போதும். அதனால் பணத்தில் சரியாகப் போடுகிறாளே என்பதை வைத்துப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகப் பணத்தைக் கைவிட வேண்டாம். ரூபாய்க்கும் ஒரு பைசாவுக்கும் நடுவில் பத்துப் பைசா என்றொரு படி இருக்கிறது. பேச்சில் அது வருவதில்லை, அதனால் குழந்தையின் கண்ணில் படுவதும் இல்லை. அந்தப் படியைக் கொண்டுவந்து வைப்பதுதான் முதல் வேலை.

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள். இடமிருந்து வலமாக ரூபாய், பத்துப் பைசா, ஒரு பைசா என்று எழுதுங்கள். சில்லறையைத் தேட வேண்டாம், துண்டுக் காகிதத்தில் 10 என்றும் 1 என்றும் எழுதிக்கொண்டால் போதும். விதி ஒன்றுதான்: எந்தக் கட்டத்திலும் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது, பத்து சேர்ந்தால் இடப்பக்கக் கட்டத்தில் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். இப்போது 3 ரூபாய் 25 பைசாவை வைக்கச் சொல்லுங்கள். முதலில் இருபத்தைந்து ஒரு பைசாத் துண்டுகளை எண்ணி வைக்கப் பார்ப்பாள். வைக்கட்டும். அவளே மாற்றி மாற்றி 3, 2, 5 என்று கொண்டுவருவாள். ரூபாய்க் கட்டத்துக்கும் பத்துப் பைசாக் கட்டத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். 3.25 வந்துவிட்டது.

அடுத்து 3 ரூபாய் 5 பைசா. நடுக் கட்டம் காலி, அங்கே 0 எழுதியாக வேண்டும். 3.05. அதற்குப் பிறகு 3 ரூபாய் 50 பைசா. இதில் கடைசிக் கட்டம் காலி. 3.50 என்று எழுதலாம், 3.5 என்றும் எழுதலாம். இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஐந்து என்ற இலக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

வாசிக்கும் முறையையும் அன்றே மாற்றிவிடுங்கள். புள்ளி வைத்து எழுதிய எண்ணை "மூன்று புள்ளி இரண்டு ஐந்து" என்றுதான் படிக்க வேண்டும். "மூன்று புள்ளி இருபத்தைந்து" என்று பெரியவர்களே சொல்வது வழக்கம்தான். ஆனால் பத்து வயதில் அந்த "இருபத்தைந்து" பழைய தவறை அப்படியே திரும்ப அழைத்து வந்துவிடும்.

பணம் இதோடு போதும். அடுத்த நாள் டேப்பை எடுங்கள். இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். காரணம், டேப்பில் எது பெரிது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நீளமே காட்டிவிடும்.

ஆனால் டேப்பை நேராக அவள் கையில் கொடுக்காதீர்கள். அதில் 100-க்கு அப்புறம் 101, 102 என்று சென்டிமீட்டர் எண்கள்தான் இருக்கும். சில டேப்புகளில் மீட்டர் தாண்டியதும் மறுபடி 1, 2 என்று தொடங்கும். எங்கேயும் 1.24 என்று இருக்காது. அதனால் முதலில் ஒரு காகிதப் பட்டை செய்யுங்கள். பழைய காகிதங்களை ஒட்டிச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டுங்கள். டேப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் கோடு போட்டு, பத்துத் துண்டுகளையும் இரண்டு வண்ணங்களில் மாற்றி மாற்றித் தீட்டுங்கள். எண் எதுவும் எழுத வேண்டாம். முழுப் பட்டை ஒன்று. ஒரு வண்ணத் துண்டு அதில் பத்தில் ஒன்று, அதாவது 0.1.

இந்தப் பட்டையால் மேசையை அளக்கச் சொல்லுங்கள். ஒரு முழுப் பட்டை போகிறது, அதன்பின் இரண்டு வண்ணத் துண்டுகள் போகின்றன, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "1.2 மீட்டரும் இன்னும் கொஞ்சமும்" என்று எழுதட்டும். அந்தக் கொஞ்சத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி அவளிடமிருந்தே வரும். வரும்வரை பொறுங்கள். வந்ததும் ஒரு வண்ணத் துண்டை மட்டும் பத்தாகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர், மீட்டரில் நூறில் ஒன்று. மிச்சம் அதில் நான்கு பாகம் வந்தால் மேசையின் நீளம் 1.24 மீட்டர். இப்போது டேப்பை வைத்துச் சரிபார்த்தால் 124 என்ற கோட்டில் வந்து நிற்கும்.

அவளுடைய 1.5-ஐ இங்கேதான் தீர்க்க வேண்டும். டேப்பில் 1 மீட்டர் 5 சென்டிமீட்டர் எங்கே என்று விரல் வைக்கச் சொல்லுங்கள், 105-இல் வைப்பாள். பட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒரு மீட்டர் தாண்டி எத்தனை முழு வண்ணத் துண்டு இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை. அந்த "ஒன்றுகூட இல்லை"தான் புள்ளிக்குப் பின்னால் வரும் 0. ஆகவே 1.05. பிறகு 1.5-க்கு விரல் வைக்கச் சொன்னால் ஐந்து துண்டு தாண்டி 150-க்குப் போவாள். இரண்டுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் வித்தியாசம்!

டேப்பில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு பக்கம் அங்குலம் இருந்தால் அதைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்குலம் பொதுவாக எட்டு, பதினாறு பாகமாகப் பிரிந்திருக்கும், பத்தாக அல்ல. அடுத்து, சில குழந்தைகள் 1 என்ற எண்ணிலிருந்து அளக்கத் தொடங்குவார்கள். விடை ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வந்தால் காரணம் அதுதான்.

3.5-ஐ 3.50 ஆக்கி ஒப்பிடு என்ற குறுக்கு வழியைப் பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம். விடை சரியாக வரும். ஆனால் 50 பெரிதா 25 பெரிதா என்று மறுபடியும் முழு எண்ணைத்தான் அவள் பார்ப்பாள். ஐந்து வண்ணத் துண்டும் ஐம்பது சென்டிமீட்டரும் ஒரே கோட்டில் முடிவதைப் பட்டையில் பார்த்த பிறகு அந்த வழியைப் பயன்படுத்தட்டும்.

பயிற்சித் தாள்

பட்டையும் டேப்பும் பக்கத்தில் இருக்கலாம்.

1. 4 ரூபாய் 7 பைசாவைப் புள்ளி வைத்து எழுது.
2. 6.3 ரூபாய் என்றால் மொத்தம் எத்தனை பைசா?
3. 2 மீட்டர் 8 சென்டிமீட்டரை மீட்டரில் எழுது.
4. டேப்பில் 1.4 மீட்டரைத் தொட்டுக் காட்டு. அங்கே என்ன எண் இருக்கிறது?
5. எது நீளம்: 0.6 மீட்டரா, 0.45 மீட்டரா?
6. எது நீளம்: 0.3 மீட்டரா, 0.42 மீட்டரா?
7. சிறியதிலிருந்து பெரியதாக எழுது: 1.3, 1.03, 1.25
8. 1.5 மீட்டர் கயிற்றோடு 0.25 மீட்டர் கயிற்றை நுனியோடு நுனி வைத்தால் மொத்த நீளம் என்ன?
9. 1.2 மீட்டருக்கும் 1.3 மீட்டருக்கும் நடுவே உள்ள ஒரு நீளத்தை எழுது.

விடைகள் வரிசையாக: 4.07; 630 பைசா; 2.08; 140; 0.6; 0.42; 1.03, 1.25, 1.3; 1.75 மீட்டர்; 1.21 முதல் 1.29 வரை எதுவும் சரி.

திருத்தும்போது மதிப்பெண்ணைவிடத் தவறான விடை என்னவென்று பாருங்கள். இரண்டாவதில் 603, நான்காவதில் 104 வந்தால் புள்ளியை இன்னும் ரூபாய்-பைசா, மீட்டர்-சென்டிமீட்டர் பிரிக்கும் குறியாகத்தான் பார்க்கிறாள். கட்டத் தாளுக்குத் திரும்புங்கள். எட்டாவதில் 1.30 வந்தாலும் அதே கதைதான்: 5-ம் 25-ம் கூட்டியிருக்கிறாள். கயிறு இருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தையும் ஆறையும் சேர்த்தே பாருங்கள். ஐந்து தவறு, ஆறு சரி என்றால் இலக்கம் அதிகமாக இருப்பதே பெரிது என்று நினைக்கிறாள். நீங்கள் எழுதியது இந்த வகைதான். ஐந்து சரி, ஆறு தவறு என்றால் நேர்மாறு: நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆகவே இலக்கம் குறைவாக இருப்பதே பெரிது என்ற முடிவுக்கு வந்திருக்கிறாள். முதல் தவறைத் திருத்தும்போது பல குழந்தைகள் இங்கே தாவிவிடுவார்கள். ஐந்தாவது மாதிரிக் கணக்குகளை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இது வெளியே தெரியாது. இரண்டு வகையும் கலந்து கொடுங்கள், ஒவ்வொன்றையும் பட்டையில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்பதாவதற்கு "நடுவே எதுவும் இல்லை" என்று பதில் வந்தால், இரண்டாவது இலக்கம் இன்னும் மனதில் ஏறவில்லை. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடலாம்: 1.24-க்கும் 1.25-க்கும் நடுவே? பணத்தில் இதற்கு வழியில்லை, பைசாவுக்குக் கீழே நாணயம் இல்லை. டேப்பில் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் நீளமாக ஒரு கோடு தெரியும். அது 1.245.