கடற்காற்று ஈரமாக இருந்தும் குழாயில் சளி ஏன் காய்கிறது?

"டாக்டர், அப்பாவுக்கு 56 வயது. மண்டபத்தில் வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர். பைக் விபத்துக்குப் பிறகு பல நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூச்சுக்குழாயின் வளையத்தை வெட்டிவிட்டார்களே, அது அமுங்கிப் போகாதா? எங்கள் ஊர்க் காற்று ஈரம்தானே, அப்புறம் ஏன் சளி பிசின் மாதிரி காய்ந்து குழாயில் விசில் சத்தம் வருகிறது?"

முதலில் அந்த விசில் சத்தத்துக்கு வருகிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது. குழாயின் உள்சுவரில் சளி காய்ந்து ஒட்டிக்கொண்டு, காற்றுக்கான வழி குறுகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்பாவுக்கு வைத்திருப்பது இரட்டைக் குழாயாக இருந்தால், கழுத்தை ஒட்டியிருக்கும் வெளிக்குழாயின் இறக்கையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்குழாயைத் திருகி வெளியே எடுங்கள். எடுத்தவுடன் சத்தம் நின்று மூச்சு இலகுவானால் அடைப்பு அந்த உள்குழாயில்தான் இருந்தது. மாற்று உள்குழாயைப் போட்டுவிட்டு, எடுத்ததைக் கழுவுங்கள். எடுத்த பிறகும் மூச்சுத் திணறினால் சளி உறிஞ்சும் குழாயை விட்டுப் பாருங்கள். அது உள்ளே இறங்க மறுத்தால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி வளையத்தைப் பற்றி. உங்கள் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை வெளியே தள்ளும் ஹோஸ் துணி போலத் தட்டையாகச் சுருட்டக்கூடியது. உறிஞ்சும் ஹோஸ் மட்டும் சுருள் வைத்து விறைப்பாக இருக்கும். உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், சுருள் இல்லையென்றால் வெளிக்காற்று அதை நசுக்கிவிடும். நாம் மூச்சை இழுக்கும்போதும் கழுத்துப் பகுதி மூச்சுக்குழாயில் இதேதான் நடக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயை 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் திறந்தே வைத்திருக்கின்றன.

ஆனால் அவை முழு வளையங்கள் அல்ல, குதிரை லாடம் போல முதுகுப் பக்கம் திறந்தவை. அந்தத் திறப்பைத் தசை மூடியிருக்கும், அதற்குப் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. சோற்றுக் கவளம் இறங்கும்போது உணவுக்குழாய் கொஞ்சம் முன்னே புடைக்க இந்த மெத்தென்ற பின்சுவர் இடம் தருகிறது. இருமும்போது அதே தசை சுருங்கி வழியைக் குறுக்க, காற்று வேகமெடுத்துச் சளியைத் தூக்கி எறிகிறது. முழு வளையமாக இருப்பது ஒன்றுதான், குரல்வளைக்கு அடியில் உள்ள மோதிரக் குருத்தெலும்பு. அதில் காயம் பட்டால் வழி சுருங்கிவிடும் என்பதால் அதையும் முதல் வளையத்தையும் விட்டுவிட்டு, வழக்கமாக இரண்டாவது முதல் நான்காவது வளையம் வரையுள்ள பகுதியில்தான் துளை போடுகிறோம். முன்பக்கம் ஓரிரு வளையம் திறந்தாலும் மேலும் கீழும் உள்ள மற்றவை தாங்கும். துளை உள்ள இடத்தை இப்போது குழாயே தாங்கிக்கொள்கிறது. அதனால் அமுங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றித்தான். வீட்டார் பலரும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். வளையம் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்குமே தவிர, காற்றைப் பதப்படுத்தாது. அது மூக்கும் தொண்டையும் செய்யும் வேலை. நுரையீரலின் ஆழத்தில் காற்று 37 டிகிரி சூட்டில், ஒரு லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியுடன் நிறைந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் 30 டிகிரி வெயிலில், 70 சதவீத ஈரப்பதத்தில் வீசும் காற்றில் இருப்பது சுமார் 21 மில்லிகிராம்தான். வியர்வை காயாத அளவுக்குப் பிசுபிசுப்பாகத் தெரிந்தாலும், நுரையீரலுக்கு அது பாதி ஈரம். ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் மூச்சு விடுகிறார், ஒரு நாளைக்கு 10,000 லிட்டர். லிட்டருக்கு 23 மில்லிகிராம் குறைகிறது என்றால் நாளுக்கு 230 கிராம் தண்ணீர், அதாவது ஒரு தம்ளர் நிறைய.

மூக்கு வழியாக மூச்சு விடும்போது இந்தத் தண்ணீரின் பெரும்பகுதியை மூக்கே கொடுக்கும். மூச்சு வெளியே போகும்போது அதில் கொஞ்சத்தைக் குளிர்ந்த மூக்குச் சுவர் திரும்ப வாங்கியும் வைக்கும். அப்பாவின் மூச்சு இப்போது மூக்கைத் தொடவே இல்லை. அந்தத் தண்ணீரை மூச்சுக்குழாயின் உள்தோலும் அதற்குக் கீழுள்ள கிளைகளும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தோலில் நுண்ணிய முடிகள் சளியைத் துடுப்புப் போட்டது போல மேலே தள்ளுகின்றன. மேலே உள்ள ஈரப் படலம் வற்றினால் துடுப்பு சேற்றில் சிக்கிவிடும், சளி அங்கேயே தங்கிப் பிசினாகும். கச்சான் காற்று தரையிலிருந்து மணலும் தூசியும் வாரி வரும் மாதங்களில் இது இன்னும் மோசம், வடிகட்ட மூக்கு இல்லையே. கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஊரிலிருந்து என்னிடம் வந்த ஒருவரின் உள்குழாயில் கறுத்த பொருக்கு சுற்றிலும் 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தது. 8 மில்லிமீட்டர் அகலக் குழாய் 6 ஆகிவிட்டது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் மூச்சுக்கு எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வீட்டார் மூன்று நாளாக உள்குழாயைக் கழற்றியிருக்கவில்லை.

அதனால், மூக்கு செய்துவந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். குழாயின் வாயில் பொருத்தும் ஈரம் தாங்கும் வடிகட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். வெளியே போகும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து உள்ளே வரும் மூச்சுக்குக் கொடுக்கும். சளி நிறைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகும். அது கிடைக்காத நேரத்தில் நூல் பிரியாத ஈரத் துணியை இரண்டாக மடித்து, முன்னால் தளர்வாகத் தொங்கவிடலாம். உங்கள் மருத்துவர் சொன்னபடி மலட்டு சலைனை நெபுலைசரில் கொடுங்கள். வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். உள்குழாயைத் தினம் சில முறை, சளி அதிகமானால் இன்னும் அடிக்கடி, கழற்றிப் பாருங்கள்.

சளி உறிஞ்சும்போது குழாயின் பாதி அகலத்துக்கு மேற்படாத கதீட்டர் போதும். 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 12 எண் கதீட்டர். உறிஞ்சாமல் உள்ளே விட்டு, வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள், 10 விநாடிக்குள் முடியட்டும். ஆழம், குழாயின் நுனியைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

குழாயில் ஊதும் பலூன் இருந்தால் அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கச் சொல்லுங்கள். கூடிவிட்டால் பலூனுக்கும் கடினமான வளையத்துக்கும் நடுவே உள்தோல் நசுங்கி ரத்தம் போகாமல் புண்ணாகும், ஆறும்போது வழி சுருங்கும். கையால் தடவி 'கெட்டியாக இருக்கிறது, சரி' என்று விட்டுவிடக் கூடாது.

பேச்சு வராததற்குக் காரணம், காற்று குரல்நாண்களைத் தொடாமல் கீழேயே வெளியேறிவிடுவது. மீனின் நெடி தெரியாததும் மூக்கில் காற்று ஓடாததால்தான். குரல் போய்விட்டது என்று அப்பாவை நினைக்க விடாதீர்கள். தண்ணீரில் இறங்குவது கூடவே கூடாது, குழாய் நேராக நுரையீரலுக்குத் திறந்திருக்கிறது. வள்ளத்தில் அலைச்சாரல் தெறிக்கும் என்பதால் தொழிலும் இப்போதைக்கு வேண்டாம்.

குழாயை எடுத்த பிறகு துளை பெரும்பாலும் சில நாள் முதல் சில வாரத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன் பிறகு மாதங்கள் கழித்து, படியேறும்போதோ வலை இழுக்கும்போதோ மூச்சை இழுக்கையில் கரகரவென்று சத்தம் வந்தால், ஆஸ்துமா என்று இன்ஹேலர் வாங்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். துளை போட்ட இடத்திலோ பலூன் இருந்த இடத்திலோ வழி சுருங்கியிருக்கலாம். உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.