அப்டேட்டுக்குப் பின் திறந்ததும் மூடிக்கொள்ளும் மெயில் ஆப்: அஞ்சல்களை இழக்காமல் சரிசெய்யும் வழி

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் நேற்றிரவு சிஸ்டம் அப்டேட் ஆனது. காலையிலிருந்து மெயில் ஆப்பைத் தொட்டால் ஒரு நொடி திறந்து உடனே மூடிக்கொள்கிறது. கேஷை அழி, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடு என்கிறார்கள். அதில் ஜிமெயிலும் பழைய அலுவலகக் கணக்கும் இருக்கின்றன. மெயில்கள் போய்விடுமா?

பதில்: எதையும் அழிப்பதற்கு முன், இரண்டு கணக்குகளையும் பிரவுசரில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஜிமெயிலுக்கு mail.google.com போதும், அலுவலகக் கணக்குக்கு அவர்களுடைய வெப்மெயில் பக்கம் இருக்கும். பழைய அஞ்சல்கள் எல்லாம் அங்கே தென்பட்டால் அவை சர்வரில் பத்திரமாக உள்ளன, போனில் இருப்பது அவற்றின் நகல்தான் என்று பொருள். ஜிமெயில் அப்படித்தான் இயங்குகிறது. ஐமேப் முறையில் சேர்த்த கணக்குகளும் அப்படியே. மாறாக, போனில் பல ஆண்டு அஞ்சல்களைப் படித்து வந்த உங்களுக்கு வெப்மெயிலில் இன்பாக்ஸ் காலியாகவோ, கடந்த சில நாள் அஞ்சல்கள் மட்டுமோ தெரிந்தால், அந்தக் கணக்கு பெரும்பாலும் பாப் முறையில் சேர்க்கப்பட்டிருக்கும். அஞ்சலைப் போனுக்கு இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்கும்படி அதை அமைத்திருக்கலாம். அப்படியானால் உலகிலுள்ள ஒரே பிரதி உங்கள் போனில்தான் இருக்கிறது.

இப்போது கேஷைப் பற்றி. அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் மெயில் ஆப்பைத் தேர்ந்தெடுத்து, Storage என்பதைத் திறந்தால் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். Clear cache தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். அஞ்சல்களையும் கணக்கு விவரங்களையும் தொடாது. Clear storage என்பது, சில போன்களில் Clear data, ஆப்பை வாங்கிய அன்றைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்தி அஞ்சலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பொத்தானின் பெயரை நிதானமாகப் படித்த பிறகே தொடுங்கள்.

கேஷை அழித்தும் சரியாகவில்லை என்றால், கோளாறு மெயில் ஆப்பில்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அஞ்சலின் உள்ளடக்கத்தைக் காட்டப் பெரும்பாலான மெயில் ஆப்கள் Android System WebView என்ற பொதுவான பாகத்தை நம்பியுள்ளன. 2021 மார்ச்சில் அந்தப் பாகத்தின் ஒரு பதிப்பு பழுதாக வந்ததால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அந்தப் பாகத்தையும் குரோமையும் புதுப்பித்த பிறகே சரியாயின. வங்கி ஆப், ஷாப்பிங் ஆப் போன்ற வேறு ஆப்களும் உங்களிடம் இப்படியே மூடிக்கொண்டால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். பிளே ஸ்டோரில் இவ்விரண்டையும், கூடவே மெயில் ஆப்பையும் அப்டேட் செய்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். நீக்காமல் மேலேயே புதுப்பிப்பதால் ஆப்பினுள் இருக்கும் அஞ்சல்கள் அப்படியே இருக்கும்.

மறுபடி நிறுவுவதுதான் வழி என்ற நிலை வந்தால், முதலில் போனை ஏரோபிளேன் மோடில் வைத்து ஆப்பைத் திறந்து பாருங்கள். புதிய அஞ்சல்களை ஒத்திசைக்கும் நேரத்தில்தான் சில ஆப்கள் மூடிக்கொள்கின்றன என்பதால், இணையம் இல்லாதபோது அவை மூடாமல் திறந்தே இருக்கக்கூடும். அப்படித் திறந்திருந்தால் அவுட்பாக்ஸைப் பாருங்கள். அனுப்பப்படாமல் அங்கே காத்திருக்கும் அஞ்சல் சர்வருக்குப் போகவே இல்லை. அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டி வையுங்கள். வரைவுகள் சர்வருக்குப் போய்விட்டனவா என்பதை பிரவுசரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பல போன்களில் ஜிமெயில் ஆப்பை முழுதாக நீக்க முடியாது. Uninstall updates என்ற வாய்ப்புதான் இருக்கும். அதுவும் ஆப்பின் தரவை அழித்துவிடும். ஆனால் ஜிமெயில் அஞ்சல்கள் சர்வரிலிருந்து மீண்டும் இறங்கிவிடும். ஆப்பில் நீங்கள் எழுதி வைத்த கையொப்பத்தையும் அறிவிப்பு அமைப்புகளையும் மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும். அலுவலகக் கணக்கு ஐமேப் என்றால் கடவுச்சொல், சர்வர் பெயர், போர்ட் எண் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்வரும் அஞ்சலுக்குப் பொதுவாக 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587.

அந்தக் கணக்கு பாப் என்று தெரிந்தால், Clear storage-ஐயும் Uninstall-ஐயும் தொடவே தொடாதீர்கள். ஆப்பின் உட்பகுதியை ஃபைல் மேனேஜரால் திறந்து நகலெடுக்க ஆண்ட்ராய்டு விடாது, எனவே அழித்த பிறகு மீட்க வழியில்லை. Android System WebView-இன் அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம், அதில் உங்கள் அஞ்சல் எதுவும் இல்லை. அதுவும் உதவாவிட்டால், ஆப்பை உருவாக்கியவர்கள் திருத்திய பதிப்பை வெளியிடும்வரை போனில் கைவைக்காமல், புதிய அஞ்சல்களை பிரவுசரில் படித்துக்கொண்டிருங்கள். ஆப் மீண்டும் திறந்த அன்றே முக்கியமான அஞ்சல்களை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, அலுவலகக் கணக்கை ஐமேப் முறையில் புதிதாகச் சேருங்கள். பழைய பாப் கணக்கை நீக்குவது அதற்குப் பிறகுதான்.