விலக்கம் கூடுதல், இழப்பு வாய்ப்பு குறைவு: எந்தத் திட்டத்தைத் தேர்வது?

கேள்வி: எங்கள் நிறுவனம் இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் இன்றைய முதலீடு 100 லட்சம், ஆயுள் மூன்று ஆண்டுகள். 'அ' என்பது இப்போது விற்கும் பொருளுக்கே கூடுதல் இயந்திரம்; ஆண்டுக்கு எதிர்பார்க்கும் நிகர வரவு 45 லட்சம், அதன் திட்ட விலக்கம் 12. 'ஆ' என்பது புதிய பொருள். வரவு 50, விலக்கம் 18. இடரற்ற விகிதமான 6 சதவீதத்தில் வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தால் 'அ'வின் நிகர நிகழ்கால மதிப்பு 20.3, விலக்கம் 18.5, 'ஆ'வுக்கு 33.7, 27.8. மதிப்பு எதிர்மறையாகும் வாய்ப்பு 'அ'வுக்கு 13.7 சதவீதம், 'ஆ'வுக்கு 11.3 சதவீதம். விலக்கத்தைப் பார்த்தால் 'ஆ' ஆபத்தானது. வாய்ப்பைப் பார்த்தால் 'அ' ஆபத்தானது. எதை நம்புவது? ஆபத்துள்ள திட்டங்கள் என்பதால் 12 சதவீதத்தில் கணக்கிட வேண்டும் என்கிறார் மேலாளர். அது சரியா?

பதில்: உங்கள் இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. திட்ட விலக்கம், முடிவு சராசரியிலிருந்து இரு பக்கமும் எவ்வளவு தூரம் சிதறக்கூடும் என்பதைக் காட்டுகிறது. இழப்பு வாய்ப்போ, அந்தச் சராசரி பூஜ்யத்திலிருந்து எத்தனை விலக்கங்கள் மேலே நிற்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. 'அ'வின் 20.3 என்பது 1.09 விலக்கம் உயரம், 'ஆ'வின் 33.7 என்பது 1.21 விலக்கம் உயரம். சிதறல் பெரிதாக இருந்தும் 'ஆ' அதிக உயரத்திலிருந்து தொடங்குவதால் பூஜ்யத்துக்குக் கீழே விழும் பங்கு சற்றுக் குறைகிறது, அவ்வளவே. விலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பெறும் மாறுபாட்டுக் கெழுவும் 'ஆ'வுக்குச் சாதகமாக வருகிறதே என்று யாராவது மூன்றாவது சான்றாகக் கொண்டுவந்தால் ஏற்க வேண்டாம். அது இதே விகிதத்தைத் தலைகீழாக எழுதியதுதான். முடிவுகள் மணி வடிவில் அமையும் இயல்நிலைப் பரவலில், சராசரிகள் நேர்மறையாக இருக்கும்வரை, இரண்டும் எப்போதும் ஒரே வரிசையைத்தான் தரும்.

ஆனால் இழப்பு வாய்ப்பு, இழப்பின் ஆழத்தைச் சொல்வதில்லை. நீங்கள் தந்த எண்களையே வைத்துக்கொண்டு, எதிர்மறையாகும் நிலைகளை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால், 'அ'வில் இழப்பு சுமார் 9.4 லட்சமாகவும் 'ஆ'வில் சுமார் 13.5 லட்சமாகவும் இருக்கும். அதாவது 'ஆ' சற்று அரிதாகத் தோற்கும். தோற்றால் பலமாகத் தோற்கும். ஆகவே 13.7க்கும் 11.3க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டி 'ஆ'வே பாதுகாப்பானது என்று குறிப்பு எழுதுவது சரியாகாது.

இதைவிட முக்கியமான விஷயம் 27.8 என்ற எண் எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டின் 18ஐயும் 6 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 16.98, 16.02, 15.11 கிடைக்கும். இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 27.8 வருகிறது, நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். இந்த வழி செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஓர் ஆண்டின் வரவு மற்ற ஆண்டுகளின் வரவோடு தொடர்பே இல்லாமல் ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் ஒரு மோசமான ஆண்டை இன்னொரு நல்ல ஆண்டு ஈடுசெய்யும், மொத்தச் சிதறல் சுருங்கும். ஏற்கெனவே சந்தையில் நிற்கும் பொருளான 'அ'வுக்கு இந்த நிபந்தனை ஏறத்தாழப் பொருந்தலாம். 'ஆ'வுக்குப் பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள். புதிய பொருளை வாடிக்கையாளர் முதல் ஆண்டில் ஏற்கவில்லை என்றால், இரண்டாம் ஆண்டு புதிதாகக் காசு சுண்டிப் பார்ப்பதுபோல் தொடங்குவதில்லை. முதல் ஆண்டின் தோல்வி அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் நீளும்.

மறு எல்லையில், மூன்று ஆண்டுகளும் முழுமையாகச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கொண்டால், வர்க்கமும் மூலமும் தேவையில்லை; மூன்று எண்களையும் நேராகக் கூட்ட வேண்டும். 'ஆ'வின் விலக்கம் 48.1 ஆகும், இழப்பு வாய்ப்பு 24.2 சதவீதமாக உயரும். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டு ஆண்டுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு காட்டும்; தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்தாலும் அது 0.5 என்று வைத்தால் விலக்கம் 39.3, இழப்பு வாய்ப்பு 19.6 சதவீதம். விரிதாளில் இதைச் சரிபார்க்க ஒரே வரி போதும். சராசரி, விலக்கம் என்ற வரிசையில் எண்களைத் தர வேண்டும்:

```
=NORM.DIST(0, 33.65, 39.3, TRUE)
```

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். 'அ'வின் ஆண்டுகள் தொடர்பற்றவை என்று ஏற்றுக்கொண்டால், 'ஆ'வின் இழப்பு வாய்ப்பு 'அ'வின் 13.7 சதவீதத்தை எட்ட எவ்வளவு ஒட்டுறவு வேண்டும்? கணக்குப் போட்டால் சுமார் 0.11 என்று வருகிறது. உங்கள் ஒப்பீடு முழுவதும் இந்தச் சிறிய எண்ணின் மேல்தான் நிற்கிறது. ஒட்டுறவு அதைத் தாண்டிய உடனே, விலக்கம், இழப்பு வாய்ப்பு ஆகிய இரண்டு அளவுகளும் 'ஆ'வையே ஆபத்தானதாகக் காட்டும். நீங்கள் கண்ட முரண்பாடும் மறைந்துவிடும்.

பழைய தரவே இல்லாத பொருளுக்கு ஒட்டுறவை எப்படி மதிப்பிடுவது என்று கேட்பீர்கள். மதிப்பீடு தந்த விற்பனைப் பிரிவினரிடம் கெழுவைக் கேட்டால் விடை கிடைக்காது. மாறாக இப்படிக் கேளுங்கள்: "முதல் ஆண்டு வரவு 50க்குப் பதிலாக 30 ஆகவே வந்தால், இரண்டாம் ஆண்டுக்கு நீங்கள் சொன்ன 50ஐ எவ்வளவாகத் திருத்துவீர்கள்?" அவர்கள் 40 என்றால், 20 குறைவுக்கு 10 திருத்தம், ஆண்டு விலக்கங்கள் சமமாக இருப்பதால் கெழு ஏறத்தாழ 0.5 என்று கொள்ளலாம். அப்போதும் 50தான் என்று உறுதியாகச் சொன்னால் மட்டுமே உங்கள் கணக்கு நிற்கும். 20க்கு இரண்டரை லட்சம் குறைத்துச் சொன்னாலே 0.11 என்ற எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது. இதே கேள்வியை 'அ'வுக்கும் கேட்பது நேர்மை. அங்கும் முழுத் தொடர்பு இருந்தால் அதன் வாய்ப்பு 26.4 சதவீதம் வரை போகும்.

இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் முடிவுகள் மணி வடிவில், அதாவது இயல்நிலைப் பரவலில் அமைகின்றன என்று கொண்டு பெறப்பட்டவை. புதிய பொருள்களின் முடிவு பெரும்பாலும் ஒரு மேடாக அமையாமல் இரண்டு மேடுகளாகப் பிரிகிறது: பொருள் பிடிபடுகிறது, அல்லது பிடிபடுவதில்லை. பிடிபட 70 சதவீத வாய்ப்பு, அப்போது ஆண்டுக்கு 59 லட்சம். பிடிபடாவிட்டால் 29 லட்சம் என்று வைப்போம். சராசரி அதே 50தான். ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஆண்டுதோறும் தனித்தனியாக 11.6 அளவுக்கு விலக்கம் இருப்பதாகச் சேர்த்தால், ஆண்டின் மொத்த விலக்கமும் நீங்கள் சொன்ன 18 ஆகவே வரும். ஆனால் பிடிபடாத கிளையில் நிகர நிகழ்கால மதிப்பின் சராசரி எதிர்மறை 22.5, அந்தக் கிளையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது முறை இழப்புதான். பிடிபட்ட கிளையிலோ இழப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டையும் சேர்த்தால் இழப்பு வாய்ப்பு சுமார் 27 சதவீதம். இதே சராசரிக்கும் இதற்குரிய ஒட்டுறவுக்கும் மணி வடிவத்தை நம்பியிருந்தால் 20.5 சதவீதம் என்றுதான் கிடைத்திருக்கும். விலக்கம் என்ற ஒற்றை எண்ணால் இந்த இரண்டு மேடுகளையும் காட்ட முடியாது. எனவே 'ஆ'வுக்கு நீங்கள் தயாரிக்கும் அறிக்கையில், கிளைகளைத் தனித்தனியாகவே எழுதுவதை நான் விரும்புவேன்.

மேலாளர் சொல்வதற்கு வருகிறேன். ஆபத்தை ஈடுகட்ட விகிதத்தை உயர்த்துவது, ஒரே ஒரு மதிப்பைக் கண்டு முடிவெடுக்கும்போது ஏற்கத்தக்க வழிதான். ஆனால் நீங்கள் முடிவுகளின் பரவலையே வரைந்து ஆபத்தைத் தனியாக அளக்கிறீர்கள். விகிதத்தையும் உயர்த்தினால் அதே ஆபத்துக்கு இருமுறை தண்டனை விதிக்கிறீர்கள். 'அ'வை 12 சதவீதத்தில் கணக்கிட்டால் சராசரி 8.1 ஆகவும் விலக்கம் 16.7 ஆகவும் மாறி, எதிர்மறையாகும் வாய்ப்பு 31 சதவீதத்துக்கு ஏறும். வரவில் ஒரு காசும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த 31 சதவீதத்தின் பொருளும் வேறு: திட்டம் ஆண்டுக்கு 12 சதவீத ஆதாயத்தை எட்டாமல் போகும் வாய்ப்பு அது. மேலாளருக்கு அந்தத் தகவல் தேவை என்றால் அந்தப் பெயரிலேயே தாருங்கள். இழப்பு வாய்ப்பு என்று எழுத வேண்டாம்.

இனி எதைத் தேர்வது? 'ஆ'வின் சராசரி 13 லட்சத்துக்கு மேல் கூடுதல். அதை அலட்சியப்படுத்த முடியாது. பிடிபடாத நிலையில் வரும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இழப்பை நிறுவனம் வேறு வருமானத்தால் தாங்குமானால், கால் பங்குக்குச் சற்று மேலான தோல்வி வாய்ப்பை ஏற்று 'ஆ'வை எடுப்பதில் தவறில்லை. முதலீட்டின் பெரும்பகுதி கடனாக இருந்து, அந்த இழப்பு தவணைகளைத் தவறவைக்கும் என்றால் 'அ'வே பொருத்தம். எப்படியானாலும் 11.3 சதவீதம் என்ற எண்ணைக் காட்டி 'ஆ'வுக்கு ஒப்புதல் கேட்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு விலை விசாரணை செய்துவிடுங்கள். பிடிபடாத கிளையில் முதல் ஆண்டு முடிவில் எஞ்சிய இரண்டு ஆண்டு வரவின் அன்றைய மதிப்பு ஏறக்குறைய 53 லட்சம். இயந்திரங்களை அப்போது அதைவிட அதிகத்துக்கு விற்க முடியுமானால், திட்டத்தை அங்கேயே நிறுத்துவதுதான் இலாபம். 60 லட்சத்துக்கு விற்றால் அந்தக் கிளையின் சராசரி இழப்பு 22.5லிருந்து 16 ஆகக் குறையும். பழைய இயந்திரங்களை வாங்குவோரிடம் விலை கேட்டு, அந்த எண்ணை அந்தக் கிளையில் சேர்த்த பிறகு இரண்டு திட்டங்களையும் மீண்டும் ஒப்பிடுங்கள்.