ஹாம்ஸ்ட்ரிங் காயம்: பழைய அளவோடு ஒப்பிட்டு எப்போது ஆட இறக்குவது?

எங்கள் விங்கருக்கு இடது தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கில் காயம். சீசன் தொடக்கத்தில், முழங்காலிட்டு, கணுக்கால்களைப் பிடித்துவைத்து, மெல்ல முன்னால் சாயும் நார்டிக் டெஸ்ட்டில் இடது 380, வலது 370 நியூட்டன். இப்போது 325, 330. இரண்டு காலும் சமமாகிவிட்டது. சனிக்கிழமை இறக்கலாமா சார்?

வேண்டாம். சமமாகத் தெரிவதற்குக் காரணம், நல்ல காலும் இறங்கியிருப்பதுதான். இடது தன் பழைய பலத்தில் 86 சதவீதம், வலது 89. வேகமாக ஓடாமல் கழித்த வாரங்களில் வலதும் பலம் இழந்திருக்கிறது. காயம்பட்ட காலை அதன் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மற்ற கால் வெறும் துணைத் தகவல்.

நார்டிக்கில் இரண்டு காலும் சேர்ந்து இழுப்பதால், பயத்தில் ஒரு காலை அடக்கி வாசிக்கவும் வாய்ப்புண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரே குதிகாலை மட்டும் அழுத்தும் ஐசோமெட்ரிக் டெஸ்ட்டையும் எடுங்கள். எதை எடுத்தாலும் ஸ்பிரிண்ட் பயிற்சிக்கு முன்பே எடுங்கள். களைத்த தசை தரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பலமெல்லாம் எதற்கு? உச்ச வேகத்தில் 95 சதவீதத்தை ஒரு தடவை தொட்டால் போதும். ஸ்பிரிண்ட்தானே உண்மையான டெஸ்ட்?

பாதி சரி. 80 சதவீத வேகத்தைத் தாண்டியதும் ஹாம்ஸ்ட்ரிங் மீதான சுமை சீராக ஏறாமல் செங்குத்தாக ஏறுகிறது. அதனால் 90-ல் வலியில்லை என்பது முழு வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. உச்ச வேகம் மணிக்கு 32 கி.மீ. என்றால் 95 சதவீதம் 30.4. அதை ஒரே ஒரு தடவை தொடுவது எனக்குப் போதாது. வெவ்வேறு நாட்களில் இரண்டு செஷனிலாவது பல தடவை தொட வேண்டும். மறுநாள் காலையில் பிடிப்போ பலக் குறைவோ இருக்கக் கூடாது.

பலம் குறைவாக இருந்தும் ஆடப்போய், மறுபடி காயம் படாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பலத்தை மட்டும் வைத்து மறுகாயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எத்தனை சதவீதம் போதும் என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. நான் பழைய பலத்தில் 90 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அது என் எச்சரிக்கை, விதியல்ல. வேகம் வந்து பலம் 88-ல் நின்றால், முழு ஆட்டத்துக்குப் பதில் கடைசி 20 நிமிடம் கொடுப்பேன்.

அண்ணா, நான் வார இறுதியில் மட்டும் ஆடுபவன். குனிந்து காலைத் தொட முடிகிறது, வலி இல்லை. ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஆடலாமா?

காலைத் தொடுவது நீளத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஸ்டாப்வாட்சும் உதவாது. 30 மீட்டர் ஓடி வேகமெடுத்து அடுத்த 10 மீட்டரை 1.25 வினாடியில் கடக்கிறீர்கள் என்று வையுங்கள். கை 0.1 வினாடி பிசகினால் 8 சதவீதம் போச்சு. நாம் தேடும் வித்தியாசமே 5 சதவீதம்தான். போனில் நொடிக்கு 240 ஃபிரேமில் படமெடுத்து, இடுப்பு இரு கம்பங்களையும் கடக்கும் ஃபிரேம்களை எண்ணுங்கள்.

பழைய அளவு இல்லையென்றால் பழைய ஆட்டத்தின் ஜி.பி.எஸ். பதிவைத் தேடுங்கள். ஆனால் அது காட்டும் உச்ச வேகத்தை இந்த 10 மீட்டர் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். அதே கருவியை அணிந்து ஓடினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.