2.67 மடங்கு என்றால் எதன் மடங்கு? படிப்பை நிறுத்தியவர்கள் பற்றிய ஓர் ஆட்ஸ் ரேஷியோ

கேள்வி: சார், எம்.எட். அசைன்மென்டுக்காக முட்டம், கடியப்பட்டணம் பக்கமும் திருவட்டாறு, குலசேகரம் பக்கமுமாக 18 முதல் 20 வயதுள்ள 240 பையன்களிடம் விவரம் வாங்கினேன். அப்பா மீன்பிடித் தொழிலில் இருக்கும் 100 பேரில் 40 பேர் பிளஸ் டூ முடிக்காமல் நின்றிருக்கிறார்கள். மற்ற 140 பேரில் 28 பேர். எஸ்பிஎஸ்எஸ்ஸில் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போட்டால் Exp(B) 2.667 வந்தது. "மீனவர் பிள்ளைகள் படிப்பை நிறுத்த 2.67 மடங்கு வாய்ப்பு அதிகம்" என்று எழுதினேன், கைடு சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். அம்மா படித்த வருடங்களையும் சேர்த்தால் அது 1.90 ஆகிறது. போதாததற்கு, இதே தரவை என் தோழி ஓட்டினால் 0.375 வருகிறது. யாருடையது சரி?

பதில்: உங்கள் தரவு சின்னது, அதனால் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். மீன்பிடிக் குடும்பங்களில் நின்றவர்கள் 40, தொடர்ந்தவர்கள் 60. 40-ஐ 60-ஆல் வகுத்தால் 0.667. இதுதான் ஆட்ஸ்: நின்றவர்களை மொத்தப் பேரால் வகுக்காமல், நிற்காதவர்களால் வகுப்பது. மற்ற குடும்பங்களில் 28-ஐ 112-ஆல் வகுத்தால் 0.25. இனி 0.667-ஐ 0.25-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.667 வரும். இந்த இரண்டு ஆட்ஸின் விகிதம்தான் ஆட்ஸ் ரேஷியோ; எஸ்பிஎஸ்எஸ் உங்களுக்கு Exp(B) என்று தந்த எண்ணும் இதுவேதான்.

இப்போது நிகழ்தகவைப் பாருங்கள். முதல் கூட்டத்தில் 100-க்கு 40, அதாவது 40 சதவீதம். இரண்டாவதில் 140-க்கு 28, அதாவது 20 சதவீதம். 20-க்கு 40 என்றால் 2 மடங்கு. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படிப்பவர், ஒரு பக்கம் 20 சதவீதம் என்றால் மறுபக்கம் 53 சதவீதம் என்று கணக்குப் போடுவார். உங்கள் தரவில் இருப்பது 40. கைடு வட்டம் போட்டது அந்த 13 புள்ளி மிகைக்குத்தான்.

தவறு நுழைவது "வாய்ப்பு" என்ற சொல்லின் வழியாக. நமக்கு வாய்ப்பு என்றால் 100-க்கு எத்தனை பேர் என்றுதான் மனதில் படும். ஆகவே அந்த இடத்தில் "ஆட்ஸ்" என்றே எழுதுங்கள்: "படிப்பை நிறுத்துவதற்கான ஆட்ஸ் 2.67 மடங்கு." அந்த வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே 40 சதவீதம், 20 சதவீதம் என்ற இரண்டையும் வைத்துவிடுங்கள். என்னிடம் வரும் அசைன்மென்டுகளில் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு சதவீதங்களைத்தான். இவை இல்லாமல் ஆட்ஸ் ரேஷியோ மட்டும் நின்றால், விளைவு பெரிதா சிறிதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஆட்ஸ் ரேஷியோவையே மடங்காகச் சொல்லலாம் என்று சில புத்தகங்களில் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். அது அரிதாக நடக்கும் விஷயங்களுக்குப் பொருந்தும். ஒரு கூட்டத்தில் 100-க்கு 4 பேர், இன்னொன்றில் 100-க்கு 1.5 பேர் என்று வைத்துக்கொள்வோம். சதவீதங்களின் விகிதம் 2.67, ஆட்ஸ் ரேஷியோ 2.74. கிட்டத்தட்ட ஒன்றேதான், ஏனென்றால் 4-ஐ 100-ஆல் வகுத்தாலும் 96-ஆல் வகுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 40-ஐ 100-ஆல் வகுப்பதும் 60-ஆல் வகுப்பதும் அப்படியல்ல. எட்டாம் வகுப்புக்குள் நின்றவர்கள் என்று கேட்டிருந்தால் நம் மாவட்டத்தில் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்திருக்கும், உங்கள் வாக்கியமும் ஓரளவு தப்பியிருக்கும். நீங்கள் கேட்டது பிளஸ் டூ வரை. அங்கே தப்பாது.

அடுத்து 1.90. இங்கேதான் லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்கு உண்மையான வேலை. அப்பாவின் தொழில் மட்டும் இருந்தபோது வந்த 2.67-க்குள் அம்மாவின் படிப்பும் ஒளிந்திருந்தது. உங்கள் தரவில் கடலோரத்து அம்மாக்கள் சராசரியாகக் குறைந்த வருடங்கள் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எண் இவ்வளவு இறங்காது. ஒரே அளவு படித்த இரண்டு அம்மாக்களின் பிள்ளைகளை ஒப்பிடும்போது மீதம் நிற்பதுதான் 1.90. இதுவும் ஆட்ஸின் மடங்கே.

ஆனால் இப்போது பக்கத்தில் எந்தச் சதவீதத்தை வைப்பது? பழைய 40, 20 பொருந்தாது, அவை அம்மாவின் படிப்பைக் கணக்கில் எடுக்காதவை. மாடலிலிருந்தே கணக்கிட வேண்டும். நீங்கள் இணைத்த அவுட்புட்டில் B என்ற பத்தியில் மாறிலி -0.40, அப்பாவின் தொழில் 0.64, அம்மா படித்த வருடம் ஒவ்வொன்றுக்கும் -0.13 என்று இருக்கிறது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு மீனவர் மகனுக்கு எக்செல்லில் இப்படிப் போடுங்கள்:

```
=1/(1+EXP(-(-0.40+0.64*1-0.13*5)))
```

0.399 வரும், அதாவது 40 சதவீதம். அந்த 1-ஐ 0 ஆக்கினால் மற்ற குடும்பத்துப் பையன்: 26 சதவீதம். இடைவெளி 14 புள்ளி. இனி 5-ஐ 10 ஆக்குங்கள், அம்மா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மீனவர் மகனுக்கு 26 சதவீதம், மற்றவருக்கு 15 சதவீதம், இடைவெளி ஏறக்குறைய 10 புள்ளி. இரண்டு இடத்திலும் ஆட்ஸ் ரேஷியோ அதே 1.90. ஆட்ஸின் மடங்கு மாறவில்லை, ஊரில் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஏற்படும் வித்தியாசம் மாறுகிறது. ஒரே ஒரு மடங்கைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் இது வெளியே தெரியாமலே போய்விடும். இந்த நான்கு சதவீதங்களையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். உங்கள் அசைன்மென்டில் மதிப்புள்ள பக்கம் அதுவாகத்தான் இருக்கும். ஐந்தாவது வரை படித்த அம்மாவின் உள்நாட்டுப் பையனும் பத்தாவது படித்த அம்மாவின் கடலோரப் பையனும் ஒரே 26 சதவீதத்தில் நிற்பதைக் கவனியுங்கள். இதைப் பற்றி எழுத உங்களுக்கு நிறைய இருக்கும்.

அம்மாவின் படிப்புக்கு Exp(B) 0.878. ஒன்றுக்குக் கீழே இருப்பதால், ஒவ்வொரு கூடுதல் வருடத்துக்கும் ஆட்ஸ் 12 சதவீதம் குறைகிறது என்று பொருள். ஐந்து வருடத்துக்கு 60 சதவீதம் என்று பெருக்கிவிடாதீர்கள். 0.878-ஐ ஐந்து முறை தன்னாலேயே பெருக்க வேண்டும்: 0.52. அதாவது ஆட்ஸ் ஏறக்குறைய பாதியாகிறது.

சரி, தோழியின் 0.375. ஒன்றை 2.667-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.375 வரும். அவர் கணக்கும் சரி, அது தலைகீழாக நிற்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் இது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, அப்பாவின் தொழிலை Categorical என்ற பெட்டிக்குள் போட்டிருப்பார். அங்கே Reference Category தானாகவே Last என்று இருக்கும். மீன்பிடிக்கு 1 என்று குறியிட்டிருந்தால் அதுவே ஒப்பீட்டுத் தளமாகி, மற்ற குடும்பங்கள் அதோடு ஒப்பிடப்படும். First-ஐத் தேர்ந்து Change பொத்தானையும் அழுத்தினால்தான் மாறும். பலர் அழுத்த மறப்பது இதைத்தான். இன்னொன்று, படிப்பை நிறுத்தியதற்கு 1, தொடர்ந்ததற்கு 2 என்று குறியிட்டிருப்பார். மென்பொருள் எப்போதும் பெரிய எண்ணைத்தான் "நடந்தது" என்று எடுத்துக்கொள்ளும். அப்போது மாடல் சொல்வது படிப்பைத் தொடர்ந்தவர்களைப் பற்றி.

இரண்டில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க, தொழில் மட்டும் உள்ள முதல் மாடலில் Constant வரியின் Exp(B)-ஐப் பாருங்கள். அது ஒப்பீட்டுத் தளத்தில் இருக்கும் கூட்டத்தின் ஆட்ஸ். உங்களுக்கு 0.25 இருக்கும், 28-க்கு 112. தோழிக்கு 0.667 இருந்தால் தளம் மாறியிருக்கிறது. 4 இருந்தால் விளைவு தலைகீழாகியிருக்கிறது, 112-க்கு 28. இரண்டும் சேர்ந்து புரண்டிருந்தால் 1.5 இருக்கும். அப்போது ஆட்ஸ் ரேஷியோ மறுபடி 2.667 என்றே காட்டும்; அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும் தவறு இதுதான். அவுட்புட்டின் தொடக்கத்தில் Dependent Variable Encoding என்ற அட்டவணை வரும்; Categorical பெட்டியைப் பயன்படுத்தியிருந்தால் Categorical Variables Codings என்பதும் வரும். எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம் அது. எது 1, எது 0 என்று அங்கேயே எழுதியிருக்கும்.

முதல் மாடலில் 2.67-க்கு 95 சதவீத நம்பக இடைவெளி 1.50 முதல் 4.74 வரை. கீழ்ப்பக்கம் 1.17 தூரம், மேல்பக்கம் 2.07 தூரம் என்று சமமில்லாமல் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கணக்கு லாக் அளவில் நடந்து பிறகு திரும்புவதால் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதற்குள் 1 விழுகிறதா என்பதை. விழவில்லை. ஆனால் 1.50-க்கும் 4.74-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னும் மாறிகளைச் சேர்க்க ஆசை வரும். உங்களிடம் நின்றவர்கள் 68 பேர்தான். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 நிகழ்வுகள் வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு, அந்தக் கணக்கில் ஆறுக்கு மேல் போகாதீர்கள். எனக்கு இடம் இருந்தால் முதலில் சேர்ப்பது, அப்பா வள்ளத்தில் போய் அன்றே திரும்புகிறவரா, தூத்தூர் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவரா என்பது. இரண்டையும் "மீன்பிடி" என்று ஒரே 1-க்குள் அடைத்தால் வீட்டில் அப்பா இருப்பதும் இல்லாததும் கலந்துவிடும்.

முடிவுப் பகுதியை இப்படி எழுதலாம்: "தந்தை மீன்பிடித் தொழிலில் உள்ளவர்களில் 40 சதவீதமும் மற்றவர்களில் 20 சதவீதமும் மேல்நிலைப் படிப்பை முடிக்கவில்லை (ஆட்ஸ் ரேஷியோ 2.67; 95% இடைவெளி 1.50–4.74). தாயின் கல்வியைக் கட்டுப்படுத்திய பின் ஆட்ஸ் ரேஷியோ 1.90 ஆகக் குறைகிறது. தாய் ஐந்து வருடம் படித்த குடும்பங்களில் கணிக்கப்பட்ட நிகழ்தகவு 40-க்கு எதிராக 26 சதவீதம். பத்து வருடம் படித்த குடும்பங்களில் 26-க்கு எதிராக 15 சதவீதம்." 1.90-க்குப் பக்கத்தில் அதன் இடைவெளியையும் சேர்த்துவிடுங்கள். அது நீங்கள் அனுப்பிய பக்கத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது; Options-இல் CI for exp(B) என்பதை டிக் செய்தால் வரும்.