கொலாபுக்கு டெபாசிட் கேட்கிறார்கள்… கட்டலாமா?

“ஈரோட்டில் வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல்ஸ் போடுகிறேன். ஒன்பதாயிரம் ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். பிரபலமான ஒரு பாத்திர பிராண்டின் பெயரில் டிஎம் வந்தது. மூன்று ரீல்ஸுக்கு 18,000 ரூபாய், கூடவே ஒரு குக்கர் செட் என்றார்கள். ‘திருப்பித் தரும் டெபாசிட்’ என்று 1,499 ரூபாய் கேட்டார்கள், கட்டிவிட்டேன். இப்போது ஜிஎஸ்டி 3,240 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். குலுக்கலில் எனக்கு 75,000 ரூபாய் போன் விழுந்திருக்கிறதாம், அதற்கு வரி 4,999 ரூபாயாம். கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் வருமாம். ஆதார், பான் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது சார்?”
– வாசகி, ஈரோடு

இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், சகோதரி. இது மோசடி. 3,240 கட்டினால் 1,499 திரும்பி வரும் என்ற எண்ணம்தான் உங்களை இப்போது இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்தை நம்பித்தான் இந்த ஆட்கள் முதல் தொகையைச் சின்னதாகக் கேட்கிறார்கள். ஜிஎஸ்டியைக் கட்டினால் அடுத்து கூரியர் இன்சூரன்ஸ் வரும், அதற்கடுத்து ‘அக்கவுன்ட் ஆக்டிவேஷன்’ வரும். கட்டியவரிடம்தான் மேலும் கேட்பார்கள்.

இதைப் படித்ததும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. நீங்கள் கொடுக்கும் விவரத்தை வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பி, அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் நிறுத்தி வைக்க முயல்வார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் மணிக்கணக்கில் தாமதித்தாலும் வாய்ப்பு குறைந்துவிடும். போன் செய்யும்போது ஜிபேயிலோ போன்பேயிலோ அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். உங்கள் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். ஆனால் பின் நம்பரைப் போட்டு நீங்களே அனுப்பிய பணம் என்பதால், வங்கி அதைத் தானாகத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அந்த ஐடியை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல் முழுவதையும், அவர்களுடைய யூசர்நேம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஐடிகள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்ளும். புரொஃபைலின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘About this account’ பகுதியைத் திறந்தால், பல கணக்குகளுக்கு அது தொடங்கிய மாதமும் வருடமும் தெரியும். பழைய பெயர்களும் சிலவற்றுக்குத் தெரியும். இருபது வருடமாக விளம்பரம் செய்துவரும் ஒரு பிராண்டின் ‘கொலாப் டீம்’ ஐடி போன மாதம்தான் தொடங்கியது என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீல டிக்கை மட்டும் நம்பாதீர்கள், இப்போது அதை மாதச் சந்தாவுக்கு வாங்க முடியும்.

அவர்கள் கேட்ட ஜிஎஸ்டியைப் பார்ப்போம். 18,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் சரியாக 3,240 வருகிறது. கணக்கு சரியாக இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் திசை தலைகீழ். ஜிஎஸ்டியை விற்பவர்தான் பில்லில் சேர்த்து, வாங்குபவரிடம் வசூலித்து, அரசுக்குக் கட்ட வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் வீடியோ சேவையை விற்பவர் நீங்கள், வாங்குபவர் பிராண்டு. ஆகவே இதில் ஜிஎஸ்டி என்று ஒன்று இருந்தால், அதை நீங்கள்தான் அவர்களிடம் பில் போட்டு வாங்க வேண்டும். அதுவும் நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால்தான். சேவை தருபவர்களுக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். உங்களிடம் வேலை வாங்கும் நிறுவனம் உங்களிடமே ஜிஎஸ்டி கேட்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லை.

அவர்கள் ஜிஎஸ்டி எண் ஒன்றை அனுப்பியிருக்கலாம். gst.gov.in தளத்தில் தேடினால் அது உண்மையான நிறுவனத்தின் பெயரையே காட்டவும் கூடும். அந்த எண் ரகசியமல்ல, அந்த நிறுவனத்தின் பில்லிலேயே அச்சாகியிருக்கும், யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் பணம் அனுப்பியபோது திரையில் வந்த பெயர்தான் முக்கியம். யுபிஐயில் பெறுபவரின் வங்கிக் கணக்குப் பெயர் தெரியும். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஒரு தனிநபரின் பெயர் இருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். உங்கள் ஹிஸ்டரியில் அந்தப் பெயர் இன்னும் இருக்கும், புகாரில் அதையும் எழுதுங்கள்.

போன் பரிசு விஷயத்தில் பலரும் “உண்மையான பரிசுக்கு வரியே கேட்க மாட்டார்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை, அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் வரி உண்டு. பணமாகத் தந்தால் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். காரோ போனோ தந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பரிசைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட நேரத்தில் நிறுவனம் அந்தத் தொகையை வெற்றி பெற்றவரிடம் கேட்பதும் உண்டு. ஆனால் 75,000 ரூபாய் போனுக்கு 30 சதவீதம் என்றால் 22,500 ரூபாய். உங்களிடம் கேட்டது 4,999. எந்த வரி விகிதத்திலும் அந்தத் தொகை வராது. உங்களால் புரட்டிவிட முடியும் என்று அவர்கள் கணித்த தொகை அது. வருமான வரி யாருடைய யுபிஐ ஐடிக்கும் போவதில்லை, உங்கள் பான் எண்ணின் பெயரில் அரசுக் கணக்கில் சேர்ந்து, வருமான வரித் தளத்தில் உங்களுக்கே தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் எந்தக் குலுக்கலிலும் பெயர் கொடுக்கவே இல்லையே.

உண்மையான கொலாப் எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் அடுத்த முறை உங்களுக்கே புரிந்துவிடும். முகவரி, பான், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றைக் கேட்பார்கள். உங்களிடம் இன்வாய்ஸ் கேட்பார்கள். பொருளை அவர்கள் செலவில் அனுப்புவார்கள். வரி ஏதாவது இருந்தால் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார்கள். அனுப்பிய பொருளை நீங்களே வைத்துக்கொண்டால் அதுவும் வருமானக் கணக்கில் வரும். அப்படி ஒரே நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் 10 சதவீத டிடிஎஸ் உண்டு. உங்களிடமிருந்து பணம் அவர்களுக்குப் போக வேண்டிய கட்டமே இதில் கிடையாது. பணம் வாங்கிக்கொள்வதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. “டெபாசிட்டைத் திருப்பி அனுப்புகிறோம், இதை ஸ்கேன் செய்யுங்கள்” என்று உங்களுக்கு இன்னொரு மெசேஜ் வரலாம், கவனம்.

அறிமுகமில்லாத சின்ன ஐடியிலிருந்து வருவதெல்லாம் மோசடி என்றும் சொல்ல மாட்டேன். சின்ன பிராண்டுகளும் ஏஜென்சிகளும் ஜிமெயிலில் இருந்தே நேர்மையாகப் பேசுவது உண்டு. சந்தேகம் வந்தால் அவர்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, பிராண்டின் இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து, அங்கிருக்கும் மின்னஞ்சலுக்கு ஸ்கிரீன்ஷாட்டுடன் எழுதிக் கேளுங்கள். “எங்கள் அம்பாசடர் ஆகுங்கள், பாதி விலையில் பொருளை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று வருபவை வேறு ரகம். பொருள் வந்து சேரலாம், ஆனால் அங்கே நீங்கள் அம்பாசடர் இல்லை, வாடிக்கையாளர்.

ஒன்றைத்தான் நீங்கள் எழுதவில்லை. ‘பார்ட்னர் போர்ட்டல்’ என்று ஏதாவது லிங்க் கொடுத்து, அதில் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரச் சொன்னார்களா? அல்லது “உங்கள் போனுக்கு ஒரு லிங்க் வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்” என்றார்களா? அப்படி வருவது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் அனுப்பும் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க். ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் முகவரியைப் பார்த்து அவர்கள் டைப் செய்துகொண்டால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும், அதன்பின் உங்கள் பெயரிலேயே உங்கள் ஃபாலோயர்களிடம் டெபாசிட் கேட்பார்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும் இப்போதே பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்து, ‘Where you’re logged in’ பகுதியில் தெரியாத போன்களை வெளியேற்றுங்கள்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம். பிராண்டின் பெயரைத் திருடியவர்கள் அந்தப் பெயரில் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அந்த மிரட்டலும் புகாருக்கு ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள்.

ஆதார், பான் விஷயத்தில்தான் கொஞ்ச நாள் விழிப்பாக இருக்க வேண்டும். ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, சிபில் போன்ற ஒவ்வொரு கிரெடிட் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக முழு ரிப்போர்ட் வாங்கலாம். நான்கு நிறுவனங்கள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால் ஒரு வருடம் முழுக்கக் கண்காணித்துவிடலாம். தெரியாத கடனோ கடன் விண்ணப்பமோ அதில் இருந்தால், சைபர் புகார் எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்த வங்கியிடமும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

புகார் கொடுத்த பிறகு, “சைபர் செல்லில் ஆள் இருக்கிறது, உங்கள் 1,499 ரூபாயை மீட்டுத் தருகிறோம், 500 ரூபாய் கட்டணம்” என்று யாராவது டிஎம் செய்தால் பதில் போடாதீர்கள். அது அதே கூட்டமாகவே இருக்கலாம். 1930-ல் கொடுக்கும் புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.