ஆஃபீஸ் போன் ஏன் "முடியாது" என்கிறது? கேள்வி பதில்

விற்பனைப் பிரதிநிதி, திருநெல்வேலி: கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டு போன் சார். ப்ளே ஸ்டோரில் தமிழ் கீபோர்டு ஆப்பைத் தேடினால் வரவே இல்லை. நண்பர் அனுப்பிய ஏபிகே கோப்பைப் போட்டுப் பார்த்தால் "Blocked by your IT admin" என்கிறது. கடைக்காரர்களுக்குத் தமிழில் செய்தி அனுப்ப வேண்டும். என்ன செய்வது?

உங்கள் போனில் இரண்டு பூட்டு இருப்பது தெரிகிறது. மூன்றாவதும் இருக்கலாம்.

நீங்கள் பார்ப்பது கம்பெனிக்கான ப்ளே ஸ்டோர். ஐடி ஆட்கள் அனுமதித்த ஆப்கள் மட்டும்தான் அதில் தெரியும். மற்றதெல்லாம் தேடினாலும் வராது. இது முதல் பூட்டு. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் கோப்பை நிறுவத் தடை, அது இரண்டாவது. இந்த இரண்டையும் தாண்டி ஆப் உள்ளே வந்தாலும், எந்தக் கீபோர்டுகளை இயக்கலாம் என்று கம்பெனி தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். அதில் இல்லாத கீபோர்டை ஆன் செய்யவே முடியாது. நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் உட்பட ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது. பல வருடம் ஊழியர்களின் போன்களை நிர்வகித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தடை நியாயமானதுதான்.

ஆனால் அந்தப் பட்டியல் போனோடு வந்த கீபோர்டைத் தொடாது. உங்கள் போனில் Gboard முதலிலிருந்தே இருந்தால் வேறு ஆப் தேவையில்லை. Settings-இல் கீபோர்டு பகுதிக்குப் போய் Gboard, பிறகு Languages, அதில் Add Keyboard தொட்டு Tamil தேர்ந்தெடுங்கள். நேரடியாகத் தமிழ் எழுத்திலேயே அடிக்கும் வகையும் இருக்கும், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் வகையும் இருக்கும். சாம்சங் கீபோர்டிலும் தமிழைச் சேர்க்கலாம்.

அந்தக் குறிப்பிட்ட ஆப்தான் வேண்டுமென்றால் ஐடிக்கு எழுதும்போது "தமிழ் கீபோர்டு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வேறு போனில் அந்த ஆப்பின் ப்ளே ஸ்டோர் பக்கத்தைத் திறந்து இணைப்பை நகலெடுங்கள். அதில் `id=` என்பதற்குப் பின்னால் இருப்பதுதான் ஆப்பின் அசல் பெயர். அதையும், எந்த வேலைக்கு வேண்டும் என்பதையும் எழுதினால் அவர்கள் சரியான ஆப்பைத் தேடி அனுமதிப்பது சுலபம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இதற்கு இவ்வளவு சுற்று எதற்கு? Device admin apps-க்குப் போய் கம்பெனி ஆப்பின் டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. 2016-ல் நான் அப்படித்தான் செய்தேன்.

அப்போது நீங்கள் செய்தது சரிதான். அந்தக் காலத்தில் நிறைய கம்பெனிகள் அந்தப் பழைய முறையில்தான் போனைக் கட்டுப்படுத்தின. டிக்கை எடுத்தால் கட்டுப்பாடு போய்விடும், மெயிலும் கூடவே போய்விடும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-இல் கூகுள் அதை ஓய்வுக்கு அனுப்பத் தொடங்கியது.

இப்போது கம்பெனி போன்களில் நிர்வாக ஆப் போனுக்கே உரிமையாளராக உட்கார்ந்திருக்கிறது. அந்த டிக் உங்கள் கைக்கு வராது. இந்த உரிமையை, போன் புதிதாகவோ ரீசெட் ஆகியோ முதல் முறை அமைக்கப்படும்போதுதான் கொடுப்பார்கள். அதனால் ஏற்கனவே நீங்கள் பயன்படுத்திக் கொண்டிருக்கும் சொந்த போனில், ஒரு மெயில் ஆப்பைச் சேர்த்த கையோடு கம்பெனி முழு உரிமையாளராகிவிட முடியாது.

ஆசிரியை, மதுரை: அண்ணா, என் போன் சொந்தப் போன். நிர்வாக மெயிலுக்காக ஏதோ சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன். இப்போது சில ஆப்களில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. என் படங்களைப் பார்ப்பார்களா? வேலையை விட்டால் போனையே அழித்துவிடுவார்களா?

இல்லைம்மா. அந்தப் பெட்டி அடையாளம் ஒர்க் புரொஃபைல். ஒரே வீட்டில் தனிப் பூட்டு போட்ட ஆஃபீஸ் அறை மாதிரி. உங்கள் பக்கத்துப் படங்களும் ஆப்களும் செய்திகளும் அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அழித்தாலும் அந்த அறை மட்டும்தான் காலியாகும். ஆனால் திரைப் பூட்டு இத்தனை எழுத்தாவது இருக்க வேண்டும் என்பது போன்ற விதி முழு போனுக்கும் வரலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பெட்டி அடையாளம் உள்ள கேமராவில் எடுத்த படம் ஆஃபீஸ் அறைக்குள்தான் சேரும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் அப்படித் தெரியாமல் தன் குழந்தையின் படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். வேலையை விட்ட அன்று புரொஃபைலை நீக்கினோம், படங்களும் சேர்ந்து போய்விட்டன. முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. இன்றும் அது மனதை உறுத்துகிறது. ஆஃபீஸ் கணக்கில் சேமித்த தொடர்பு எண்களும் அப்படித்தான் போகும்.

கல்லூரி மாணவன்: எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. அப்பாவின் பழைய ஐபோன், App Store ஐகானே காணோம். கம்பெனி எதுவும் கிடையாது. வைரஸா?

வைரஸ் இல்லை தம்பி. Settings-இல் General, பிறகு VPN & Device Management பார். அங்கே ஏதாவது கம்பெனி பெயர் இருந்தாலோ, Settings-இன் மேலே "This iPhone is supervised" என்று தொடங்கும் வரி இருந்தாலோ அது நிறுவனக் கட்டுப்பாடு. இரண்டும் இல்லையென்றால் Screen Time-இல் யாரோ ஆப் நிறுவுவதைத் தடுத்திருக்கலாம். அப்படிச் செய்தாலும் ஐகான் மறைந்துவிடும். அப்பாவிடம் Screen Time கடவுக்குறியீட்டைக் கேள்.

செகண்ட்ஹேண்ட் போன் வாங்கியவர்: ஒரு கடையில் வாங்கினேன். நன்றாக ஓடியது. ரீசெட் செய்ததும் யாரோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து நிற்கிறது. மறுபடி மறுபடி ரீசெட் செய்தும் போகவில்லை.

எத்தனை முறை செய்தாலும் போகாது. அந்தப் போனின் ஐஎம்இஐ எண் அந்தக் கம்பெனியின் பெயரில் கூகுளிடமோ சாம்சங்கிடமோ பதிவாகியிருக்கிறது. முதல் அமைப்பின்போது இணையம் கிடைத்ததும் போன் விசாரிக்கும், "இது இன்னாருடையது" என்று பதில் வரும். பதிவை நீக்க அந்தக் கம்பெனியின் நிர்வாகியாலோ, கம்பெனிக்கு அந்தப் போனை விற்றுப் பதிவு செய்தவராலோதான் முடியும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். "அன்லாக் செய்து தருகிறேன்" என்பவரிடம் இன்னும் பணம் கொடுக்காதீர்கள். திருடிய போனாகவும் இருக்கலாம்.

டெலிவரி மேற்பார்வையாளர், கோவை: கம்பெனி போனில் லொகேஷனை ஆஃப் செய்யவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருக்கிறேன் என்றும் பார்ப்பார்களா?

முழுக்க கம்பெனியின் பிடியில் உள்ள போன் என்றால் லொகேஷனை ஆன் செய்து பூட்ட முடியும். பார்க்க வழி இருக்கிறது. உண்மையிலேயே பார்க்கிறார்களா, ஞாயிற்றுக்கிழமையும் பதிவாகிறதா என்பதை போனை வைத்து என்னால் சொல்ல முடியாது. Settings-இன் Privacy பகுதியில் "Your work policy info" இருந்தால் திறந்து பாருங்கள், நிர்வாகி எதையெல்லாம் பார்க்க முடியும் என்று இருக்கும். மீதியை எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். விடுமுறை நாளில் போனை அணைத்து வைக்கலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மறுபடியும் திருநெல்வேலி: சார், Gboard-இல் தமிழ் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் மைக்கைத் தொட்டால் பேச்சை எழுத்தாக்க மாட்டேன் என்கிறது.

முதலில் Gboard-க்கு மைக் அனுமதி இருக்கிறதா பாருங்கள். அந்த அனுமதியை நிர்வாகி மறுத்திருந்தால் உங்களால் மாற்ற முடியாது. அனுமதி இருந்தும் ஓடவில்லையென்றால், பேச்சைப் புரிந்துகொள்ளும் கூகுள் ஆப்பை அவர்கள் முடக்கி வைத்திருக்கலாம். திரையில் வரும் வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.